மாடலின் ஸ்கோர் நன்றாக இருக்கிறது, ஆனால் "ஏன்" என்று கேட்டால் தப்பாகச் சொல்கிறது: அறிகுறி வாரியாகப் பிழை தேடுவது

கணிப்புக்காகப் பழக்கிய மாடலை எடுத்து, அதிலிருந்து காரணம் சொல்ல ஆரம்பிக்கும்போது வரும் பிழைகளுக்கு எரர் மெசேஜ் கிடையாது. புரோகிராம் ஓடும், ஸ்கோர் ஏறும், வரைபடம் அழகாக வரும், முடிவு மட்டும் தலைகீழாக இருக்கும். அதனால் இங்கே அறிகுறியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம், ஆனால் இரண்டாவது அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். நான் அதிக நாள் ஏமாந்தது அங்கேதான், அதற்கு நல்ல ஸ்கோர்தான் காரணமாக இருந்தது.

அறிகுறி 1: நல்லது செய்ய வேண்டிய ஒன்று கெடுதல் செய்வதாக மாடல் காட்டுகிறது

தக்கவைக்கும் அழைப்பு போன வாடிக்கையாளர்கள்தான் அதிகம் விலகுகிறார்கள், தனிப் பயிற்சி வகுப்புக்குப் போன மாணவர்கள்தான் குறைவாக மதிப்பெண் எடுக்கிறார்கள், இந்த மாதிரி. இதைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்று யார், எதைப் பார்த்து முடிவு செய்தார்கள்? அதிருப்தியில் இருப்பவர்களைத் தேடிப் பிடித்து அழைத்திருந்தால், அதிருப்திதான் அழைப்பையும் வரவைத்திருக்கிறது, விலகலையும் வரவைத்திருக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் கை வைக்கும் மூன்றாவது விஷயத்தைத்தான் கன்ஃபவுண்டர் என்கிறோம்.

இதைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். 1986-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சிறுநீரகக் கல் சிகிச்சை பற்றிய ஆய்வு இதற்கு மிகப் பொருத்தம். 350 பேருக்குத் திறந்த அறுவை சிகிச்சை, 273 பேருக்கு வெற்றி, அதாவது 78%. இன்னொரு 350 பேருக்குத் தோலில் சின்னத் துளை போட்டுக் கல்லை எடுக்கும் முறை, 289 பேருக்கு வெற்றி, 83%. இவ்வளவு மட்டும் பார்த்தால் துளை முறைதான் சிறந்தது. இப்போது கல்லின் அளவால் பிரியுங்கள்.

சின்னக் கல்: திறந்த முறையில் 87-க்கு 81 (93%), துளை முறையில் 270-க்கு 234 (87%).
பெரிய கல்: திறந்த முறையில் 263-க்கு 192 (73%), துளை முறையில் 80-க்கு 55 (69%).

இரண்டு பிரிவிலும் திறந்த முறைதான் மேலே இருக்கிறது. மொத்தத்தில் மட்டும் அது தோற்றது ஏனென்றால், கஷ்டமான பெரிய கல் கேஸ்கள் பெரும்பாலும் திறந்த முறைக்கே போயின. எந்தக் கல் எந்த மேஜைக்குப் போனது என்ற பழக்கத்தைத்தான் மொத்த எண் அளந்தது.

திருத்துவது கஷ்டமில்லை. மொத்த 700 பேரில் சின்னக் கல் 357, பெரிய கல் 343, ஆக 51%, 49%. எல்லோருக்கும் திறந்த முறையே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 0.51 × 93 + 0.49 × 73, சுமார் 83%. எல்லோருக்கும் துளை முறை என்றால் 0.51 × 87 + 0.49 × 69, சுமார் 78%. முதலில் வந்த அதே இரண்டு எண்கள், இடம் மட்டும் மாறிவிட்டன. கன்ஃபவுண்டரின் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் மொத்த மக்கள்தொகையில் அந்தப் பிரிவு எவ்வளவோ அந்த விகிதத்தில் எடை போட்டுக் கூட்டுவது, அவ்வளவுதான். ரிக்ரெஷனில் ஒரு மாறியைச் சேர்ப்பதும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. கல் அளவைத் தவிர வேறு எதையும் பார்த்து மருத்துவர்கள் முடிவு செய்யவில்லை என்றால்தான் இந்த 83-ம் 78-ம் சரி. அந்த "வேறு எதுவும் இல்லை" என்பதை மேலே இருக்கும் அட்டவணையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. முடிவு எடுத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அறிகுறி 2: ஒரு ஃபீச்சரைச் சேர்த்ததும் ஸ்கோர் ஏறுகிறது, ஆனால் நமக்கு வேண்டிய கெழு எங்கேயோ போய்விடுகிறது

மேலே சொன்னதைப் படித்தவுடன் பலரும் செய்வது: "சரி, கன்ஃபவுண்டர்தானே பிரச்சினை, கையில் இருக்கிற எல்லா ஃபீச்சரையும் போட்டுவிடுவோம், எது வேண்டும் எது வேண்டாம் என்று கிராஸ் வேலிடேஷன் சொல்லட்டும்". நானும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு திட்டத்தில் அழைப்புகளால் பயனே இல்லை என்று இந்த வழியில் அறிக்கை எழுதி அனுப்பியும் விட்டேன், பிறகு அது தவறு என்று தெரிந்தபோது அழைப்புகளை நிறுத்தியே விட்டிருந்தார்கள். அதன் பிறகுதான் உண்மையான விடை முன்கூட்டியே தெரிந்த செயற்கை டேட்டாவில் இதைச் சோதிக்கும் பழக்கம் வந்தது. நீங்களும் ஓட்டிப் பாருங்கள்:

```python
import numpy as np
import statsmodels.api as sm

rng = np.random.default_rng(0)
n = 100_000
U = rng.normal(size=n)             # அதிருப்தி
T = U + rng.normal(size=n)         # அழைப்புகள்
Y = 3*U - T + rng.normal(size=n)   # அடுத்த மாதப் பயன்பாட்டுச் சரிவு
C = Y + rng.normal(size=n)         # மாத இறுதிக் கருத்துக்கணிப்பு

def fit(*cols):
    X = sm.add_constant(np.column_stack(cols))
    m = sm.OLS(Y, X).fit()
    print(round(m.params[1], 2), round(m.rsquared, 2))

fit(T)
fit(T, C)
fit(T, U)
fit(T, U, C)
```

அழைப்பு ஒரு அலகு கூடினால் சரிவு ஒரு அலகு குறையும் என்று நாமே எழுதி வைத்திருக்கிறோம், ஆக உண்மையான விடை −1. இப்போது வருவது என்ன? மாதிரி எடுப்பதில் வரும் சின்ன ஆட்டத்தை விட்டுவிட்டால், நான்கு வரியும் இப்படி வரும்:

`T` மட்டும்: கெழு 0.5, R² 0.08
`T, C`: கெழு 0.08, R² 0.86
`T, U`: கெழு −1, R² 0.83
`T, U, C`: கெழு −0.5, R² 0.92

கொஞ்ச நேரம் இதையே பாருங்கள். முதல் வரியில் அழைப்பு கெடுதல் செய்வதாக வருகிறது, அது அறிகுறி 1. சரியான விடை தருவது மூன்றாவது வரி ஒன்றுதான். ஆனால் ஸ்கோரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நான்காவதை எடுப்போம், அது அழைப்பின் பயனைப் பாதியாக்கிவிடுகிறது. அதிருப்தி என்ற ஃபீச்சரே நம்மிடம் இல்லாமல் போனால் இரண்டாவதை எடுப்போம், அதில் அழைப்புக்குப் பயனே இல்லை என்று வருகிறது, அதன் R² சரியான மாடலின் R²-ஐ விடவும் அதிகம்! டேட்டாவை இன்னும் பத்து மடங்கு கூட்டினாலும் இது மாறாது. ரிக்ரெஷனுக்குப் பதில் ரேண்டம் ஃபாரஸ்ட், பூஸ்டிங் என்று எதைப் போட்டாலும் இதே கதைதான், ஒவ்வொரு ஃபீச்சருக்கும் கணிப்பில் எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்டும் SHAP-ஐப் போட்டுப் பார்த்தாலும் அது இந்த மாடல் எதை வைத்துக் கணிக்கிறது என்பதைத்தான் நேர்மையாகச் சொல்லும், அழைப்பை மாற்றினால் என்ன ஆகும் என்பதை அது சொல்லவே முயல்வதில்லை.

ஏன் இப்படி ஆகிறது? `C` என்பது விளைவுக்குப் பிறகு வந்தது. கருத்துக்கணிப்பில் என்ன சொன்னார் என்பதை வைத்து அவருடைய சரிவை ஊகிப்பது சுலபம், அதனால் ஸ்கோர் ஏறுகிறது. ஆனால் அழைப்பு சரிவைக் குறைத்தது என்றால், அந்தக் குறைவு `C`-க்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. `C`-ஐ நிலையாகப் பிடித்துக்கொண்டு அழைப்பால் என்ன பயன் என்று கேட்டால், பயனில் ஒரு பங்கை ஏற்கனவே கழித்துவிட்டுக் கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

திருத்தும் வழி இதுதான். மாடலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் நேரக் கோடு போடுங்கள். நடுவில் அழைப்பு நடந்த நாளைக் குறியுங்கள். ஒவ்வொரு ஃபீச்சரையும் எடுத்து, அதன் மதிப்பு அந்த நாளுக்கு முன்னால் உறைந்ததா பின்னால் உறைந்ததா என்று பாருங்கள். பின்னால் வந்தது எதுவாக இருந்தாலும் வெளியே எடுத்துவிடுங்கள், ஸ்கோர் எவ்வளவு விழுந்தாலும் பரவாயில்லை. ஃபீச்சரின் பெயரை நம்பாதீர்கள். "வாடிக்கையாளர் நிலை" என்று ஒன்று இருக்கும், கேட்டால் ஆரம்பத்திலிருந்தே இருப்பது என்பார்கள், ஆனால் அது ஒவ்வொரு இரவும் மேலெழுதப்படும், நம் கையில் இருப்பது கடைசி மதிப்பு. எந்த நாளின் மதிப்பு என்று டேட்டா பைப்லைனை எழுதியவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் நான் இப்போது ஃபீச்சரைச் சேர்க்கிறேன்.

முன்னால் வந்தவற்றில் அழைப்பு முடிவையும் சரிவையும் இரண்டையும் தொடக்கூடியவற்றைச் சேர்க்க வேண்டும். முன்னால் வந்தது எல்லாமே பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. யாரை அழைப்பது என்பதை மட்டும் பாதித்து விளைவைத் தொடாத ஒன்று, உதாரணமாக அன்று எத்தனை ஊழியர்கள் பணியில் இருந்தார்கள் என்பது, சேர்த்தால் மதிப்பீட்டின் தள்ளாட்டத்தைக் கூட்டும், அளக்காத கன்ஃபவுண்டர் இருந்தால் பிழையையும் பெரிதாக்கும்.

அறிகுறி 3: எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனால் கன்ஃபவுண்டர் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. இருக்கிறது என்று பிடிக்க மட்டும் ஒரு நல்ல பொறி உண்டு. விளைவு இருக்கிற இடத்தில், அழைப்பு எந்தக் காரணத்தாலும் மாற்றியிருக்க முடியாத ஒன்றைப் போடுங்கள். எளிதாகக் கிடைப்பது கடந்த காலம்: இந்த மாத அழைப்பு, போன மாதச் சரிவை எவ்வளவு "மாற்றியது" என்று அதே மாடலில் கேளுங்கள். காலம் பின்னோக்கி ஓடாது, ஆக விடை பூஜ்யம் வர வேண்டும். மேலே உள்ள புரோகிராமில் இதைச் சேர்த்து (`Y0 = U + rng.normal(size=n)`), `fit`-க்குள் `Y` இருக்கும் இடத்தில் `Y0`-ஐப் போட்டு, `T`-ஐ மட்டும் வைத்துப் பொருத்தினால் கெழு 0.5 வரும், `U`-ஐயும் சேர்த்தால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். நிஜ டேட்டாவில் பூஜ்யத்திலிருந்து தள்ளி நின்றால், உங்கள் ஃபீச்சர் பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறது. பூஜ்யம் வந்தால் இந்தப் பொறியில் எதுவும் சிக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

விடுபட்டதை அளக்கவே வழியில்லை என்றால், அது எவ்வளவு வலுவாக இருந்தால் நம் முடிவு கவிழும் என்றாவது சொல்லலாம். இதற்கு 2017-இல் டைலர் வாண்டர்வீல், பெங் டிங் இருவரும் கொடுத்த இ-வேல்யூ என்ற அளவு கைகொடுக்கும். ஒரு குழுவின் ஆபத்து இன்னொரு குழுவினுடையதைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் ஆபத்து விகிதம் RR ஒன்றுக்கு மேல் இருந்தால் சூத்திரம் `RR + sqrt(RR*(RR-1))`. விகிதம் 2 என்றால் 3.41 வரும். அதாவது, அளக்காத ஒரு விஷயம் சிகிச்சையோடும் விளைவோடும் தலா 3.41 மடங்காவது தொடர்பு வைத்திருந்தால்தான் அந்த 2 முழுவதையும் அதன் கணக்கில் எழுத முடியும். அப்படி ஒன்று உங்கள் துறையில் இருக்குமா என்று துறை தெரிந்தவர்கள் வாதாடட்டும். விகிதம் 1.1 என்றால் இ-வேல்யூ 1.43தான், அந்த அளவுக்கு ஏதாவது ஒன்று எங்கேயும் கிடைக்கும், எனவே சின்னத் தொடர்புகளைக் காரணம் என்று அறிவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அறிகுறி 4: மாடல் சரியாகக் கணிக்கிறது, ஆனால் அதன்படி நடந்தால் ஒன்றும் மாறவில்லை, அல்லது மோசமாகிறது

இங்கே மாடலில் பிழையே இல்லாமல் இருக்கலாம். 1990-களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யார் இறக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று கணிக்கப் பல மாடல்களைப் பழக்கினார்கள். அந்த வேலையில் இருந்த ரிச் கருவானா பிற்பாடு 2015-இல் எழுதியபடி, அவற்றில் விதிகளாகக் கற்றுக்கொண்ட ஒரு மாடல், ஆஸ்துமா இருந்தால் ஆபத்து குறைவு என்று கற்றுக்கொண்டது. அந்த டேட்டாவில் அது உண்மை! ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியா வந்தால் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிடுவார்கள், அந்தக் கவனிப்பால் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் ஆபத்து குறைவானவர்களை வீட்டுக்கு அனுப்புவதற்காக இந்த மாடலைப் பயன்படுத்தினால், அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்தக் கவனிப்பையே எடுத்துவிடுவோம். அந்தத் திட்டத்தில் மிகத் துல்லியமாக இருந்தது நியூரல் நெட்வொர்க்தான். அதுவும் இதையே உள்ளுக்குள் கற்றிருக்கும், இன்னும் என்னென்ன கற்றிருக்கிறதோ என்ற பயத்தில் அதை நோயாளிகளிடம் பயன்படுத்தாமல் விட்டார்கள். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

எனவே கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். "இப்போது நடப்பது போலவே எல்லாம் நடந்தால் இவருக்கு என்ன ஆகும்?" என்பதற்குக் கணிப்பு மாடல் பதில் சொல்லும். "நான் வேறு மாதிரி நடந்துகொண்டால் இவருக்கு என்ன ஆகும்?" என்பது வேறு கேள்வி.

அழைப்பு உதாரணத்தில் இது பணமாகவே தெரியும். ஒரு வகை வாடிக்கையாளர்கள் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் 100-க்கு 80 பேர் போய்விடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வகையில் அழைக்காவிட்டால் 30 பேர் போவார்கள், அழைத்தால் 15 பேர். விலகல் மாடல் முதல் வகையைத்தான் பட்டியலின் உச்சியில் வைக்கும், சரியாகவே வைக்கும். அவர்களில் 100 பேரை அழைத்தால் கூடுதலாக ஒருவரும் தங்கமாட்டார். பட்டியலின் கீழே இருக்கும் இரண்டாவது வகையில் 100 பேரை அழைத்தால் கூடுதலாக 15 பேர் தங்குவார்கள். ஆபத்து அதிகம் இருக்கும் இடமும் நம் தலையீடு வேலை செய்யும் இடமும் ஒன்றாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இதற்கு மருந்து, கொஞ்சம் பேரை வேண்டுமென்றே குலுக்கல் முறையில் அழைக்காமல் விடுவது. பட்டியலில் இருப்பவர்களிலேயே குலுக்க வேண்டும், "அழைத்தும் போனை எடுக்காதவர்கள்" என்று ஒரு குழுவை வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடக் கூடாது, எடுக்காமல் இருப்பதே ஒரு தனிக் குணம். எத்தனை பேர் வேண்டும்? விலகல் 30%-இலிருந்து 27%-க்கு இறங்குவதைப் பிடிக்க வேண்டுமென்றால், வழக்கமான 5% முக்கியத்துவ எல்லைக்கும் 80% திறனுக்கும் ஒரு குழுவுக்குச் சுமார் 3,600 பேர். `16*p*(1-p)/d**2` என்று மனக்கணக்காகப் போடலாம், `p` இரண்டு விகிதங்களின் சராசரி, `d` அவற்றின் வித்தியாசம். 300 பேரை வைத்துச் சோதித்துவிட்டு "வித்தியாசம் இல்லை" என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய, அந்த அளவில் வித்தியாசம் இருந்தாலும் பெரும்பாலும் தெரியாது. குலுக்கல் டேட்டா போதுமான அளவு சேர்ந்த பிறகு, அழைத்தவர்களுக்கும் அழைக்காதவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தையே கணிக்கும் மாடலைப் பழக்கலாம், அதைத்தான் அப்லிஃப்ட் மாடல் என்கிறார்கள்.

அறிகுறி 5: நடக்கவே நடக்காத ஒரு நிலைமைக்கும் மாடல் தயங்காமல் எண் கொடுக்கிறது

மிகவும் அதிருப்தியில் இருப்பவர்களில் ஒருவரைக் கூட அழைக்காமல் விட்டதில்லை என்றால், அவர்களை அழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டேட்டாவில் ஒரு வரி கூட இல்லை. மாடல் பக்கத்துப் பிரிவிலிருந்து நீட்டிச் சொல்லும். பிடிப்பது சுலபம்: அழைப்பு யாருக்குப் போனது என்பதையே கணிக்கும் ஒரு சின்ன மாடலைப் பழக்கி, அழைத்தவர்கள், அழைக்காதவர்கள் இருவருக்கும் அந்த நிகழ்தகவின் ஹிஸ்டோகிராமை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள். இரண்டும் மேற்பொருந்தாத பகுதியில், உதாரணமாக நிகழ்தகவு 0.98-க்கு மேல் போய் ஒரு குழுவே காணாமல் போகும் இடத்தில், வரும் விடையை அறிக்கையில் சேர்க்காதீர்கள். அந்தப் பகுதியினரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று தெளிவாக எழுதுங்கள்.

திருத்த முடியாத கேள்வி ஒன்று

"இந்தக் குறிப்பிட்ட வாடிக்கையாளர் நாம் அழைத்ததால்தான் தங்கினாரா?" மேலாளர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். குலுக்கல் முறையில் மிகக் கவனமாகச் சோதனை நடத்தியிருந்தாலும் இதற்குப் பதில் வராது, ஏனென்றால் அவரை அழைத்த உலகம் மட்டும்தான் நமக்குத் தெரியும், அழைக்காத உலகத்தில் அதே ஆளைப் பார்க்க முடியாது. அவரைப் போன்ற 100 பேரில் அழைக்காமலே 70 பேர் தங்கியிருப்பார்கள், அழைத்ததால் 85 பேர் தங்கினார்கள் என்று சொல்லலாம். அழைப்பால் யாரும் எரிச்சலாகிப் போகவில்லை என்று ஒப்புக்கொண்டால், தங்கிய 85 பேரில் 15 பேர் அழைப்பால் தங்கினார்கள். அந்த 15 பேரில் இவர் இருக்கிறாரா என்று பெயர் சொல்ல முடியாது. கேட்பவரிடம் இந்த 85-ஐயும் 15-ஐயும் கொடுத்துவிட்டு, பெயர் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.